தெருவில் எண்ணிய சந்தை

ஒரு பொருளின் சந்தை எவ்வளவு பெரியது என்று கணிக்க இரண்டு வழிகள் உண்டு. நாடு முழுவதும் அந்தத் துறையில் புரளும் பணத்தை ஓர் அறிக்கையிலிருந்து எடுத்து, அதில் ஒரு சதவீதமாவது கிடைக்கும் என்று கொள்வது ஒன்று. வாங்கும் ஆட்களையும் கடைகளையும் ஒவ்வொன்றாக எண்ணி, ஒவ்வொருவரும் வாரத்துக்கு எவ்வளவு வாங்குகிறார்கள் என்று கேட்டுக் கூட்டுவது மற்றொன்று. முதலாவதை மேலிருந்து கீழ் வரும் கணக்கு என்றும், இரண்டாவதைக் கீழிருந்து மேலே போகும் கணக்கு என்றும் சொல்வார்கள்.

முதல் வழியின் மயக்கம் பழையது. ஷாங்காயில் விளம்பர நிறுவனம் நடத்திய அமெரிக்கர் கார்ல் குரோ, 1937இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். ‘40 கோடி வாடிக்கையாளர்கள்’ என்பதே அதன் தலைப்பு. அன்றைய சீனாவின் மக்கள்தொகையாகக் கொள்ளப்பட்ட எண் அது. ஆளுக்கு ஒன்று வாங்கினால்கூடப் போதும் என்று பெருக்கிப் பார்த்து வந்த வெளிநாட்டு வணிகர்களின் கனவு அங்கே என்ன ஆனது என்பதை அவர் அருகிலிருந்து பார்த்தவர். ஒரு சதவீதம் என்பது அடக்கமான எண்ணாகத் தோன்றுகிறது. ஆனால் அந்த ஒரு சதவீதத்தில் யார் இருக்கிறார்கள், இன்று அவர்கள் யாரிடம் வாங்குகிறார்கள், ஏன் கடை மாறுவார்கள் என்ற மூன்று கேள்விகளுக்கும் அதில் பதில் இல்லை.

எண்ணும் வழி எப்படி நடக்கிறது என்பதை இட்லி, தோசை மாவு வியாபாரத்தைக் கொண்டு பார்க்கலாம். ஒரு நகரத்தில் இரண்டு மூன்று கிலோமீட்டர் சுற்றளவுக்குள் மாவு பாக்கெட் போட ஒருவர் நினைக்கிறார். கீழே வரும் எண்கள் அனைத்தும் கணக்கை விளக்குவதற்காக வைத்துக்கொண்டவை.

முதல் வேலை வீடுகளை எண்ணுவது. வாக்காளர் பட்டியல் வாக்குச்சாவடி வாரியாக, தெருவும் வீட்டு எண்ணும் சேர்த்தே வெளியாகிறது. அதைக் கொண்டு பார்த்ததில் அந்தச் சுற்றளவுக்குள் 3,600 வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். எல்லா வீட்டுக் கதவையும் தட்ட முடியாது. ஒவ்வொரு அறுபதாவது வீடாகத் தட்டினால் 60 வீடுகள் கிடைக்கும்.

அங்கே கேட்கும் கேள்வியில்தான் கணக்கு நிற்கும், அல்லது விழும். “நல்ல மாவு கொடுத்தால் வாங்குவீர்களா?” என்று கேட்டால், வாசலில் நிற்பவர் மனம் நோகக் கூடாது என்பதற்காகவே பெரும்பாலோர் “வாங்குவோம்” என்பார்கள். அந்தப் பதிலைப் பெருக்கினால் வருவது சந்தை அல்ல, மரியாதை. கேட்க வேண்டியது நடந்து முடிந்ததை: “போன ஏழு நாளில் கடை மாவு எத்தனை தடவை வாங்கினீர்கள்? எந்தக் கடையில்? என்ன விலைக்கு?”

எந்த நேரத்தில் தட்டுவது என்பதும் முக்கியம். காலை பதினொரு மணிக்குப் போனால், கதவைத் திறப்பவர்கள் வீட்டில் இருப்பவர்கள். அவர்களில் பலர் சொந்தமாக மாவு ஆட்டுகிறவர்கள். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடு அப்போது பூட்டியிருக்கும். கடை மாவை அதிகம் வாங்குவதும் அத்தகைய வீடுகளே. பூட்டிய வீட்டை விட்டுவிட்டு அடுத்த வீட்டைத் தட்டினால், வாங்குபவர்களே எண்ணிக்கையிலிருந்து விடுபட்டுப் போவார்கள். அதே வீட்டுக்கு இரவு ஏழு மணிக்கோ ஞாயிற்றுக்கிழமையோ மறுபடி போக வேண்டும்.

60 வீடுகளில் 36 வீட்டில் கடை மாவு வாங்கவில்லை. 15 வீட்டில் ஒரு முறையும், 9 வீட்டில் மூன்று முறையும் வாங்கினார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு கிலோ. மொத்தம் 42 கிலோ, அதாவது வீட்டுக்குச் சராசரி 700 கிராம். 3,600 வீடுகளுக்கு வாரம் 2,520 கிலோ. கிலோ 40 ரூபாய் என்றால் ஒரு லட்சம் ரூபாய்க்குச் சற்று அதிகம். இந்த 42 கிலோவில் 27 கிலோ அந்த ஒன்பது வீடுகளுக்கே போகிறது. எனவே இந்த வியாபாரம் நிற்பது 3,600 வீடுகளில் அல்ல, வாரம் மூன்று முறை வாங்கும் ஏறத்தாழ 540 வீடுகளில். தேசிய அளவிலான எந்தச் சதவீதத்திலிருந்தும் இதை அறிய முடியாது.

60 வீடு என்பது சிறிய மாதிரி. 24 வீடுகள் வாங்கின என்பது 40 சதவீதம். உண்மை 28க்கும் 52க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். ஆகவே இன்னொரு பக்கமிருந்தும் எண்ணிப் பார்ப்பது அவசியம். வாங்குவோரைக் கேட்டாயிற்று, இனி விற்போரைப் பார்க்க வேண்டும். அதே சுற்றளவில் மாவு பாக்கெட் வைத்திருக்கும் மளிகைக் கடைகளும் பால் பூத்துகளும் 22. காலையில் இறங்கும் பாக்கெட்டையும் இரவில் மிஞ்சும் பாக்கெட்டையும் சில நாள் கவனித்தால், கடைக்கு நாளொன்றுக்கு 12 விற்கிறது. வாரத்துக்கு 1,848 கிலோ. தாங்களே ஆட்டிப் பாத்திரத்தில் அளந்து கொடுக்கும் இரண்டு கடைகள் நாளுக்கு 40 கிலோ வீதம் 560. இரண்டும் சேர்ந்து 2,408. வீட்டுக் கணக்கும் கடைக் கணக்கும் நெருங்கி வந்துவிட்டதால் இரண்டையும் ஓரளவு நம்பலாம். கடைக் கணக்கு பாதியாக வந்திருந்தால், வீடுகளில் கூட்டிச் சொல்லியிருக்கிறார்கள், அல்லது அலுவலகத்திலிருந்து திரும்பும் வழியில் வேறு பகுதியில் வாங்குகிறார்கள் என்று பொருள். எது என்பதை “எந்தக் கடையில்?” என்ற கேள்விக்கு வந்த பதில்களே காட்டிவிடும்.

2,520 கிலோ என்பது எல்லோரும் சேர்ந்து விற்பது. புதிதாக வருபவருக்குக் கிடைப்பது வேறு. 22 கடைகளையும் நேரில் கேட்டதில், மிஞ்சியதைத் திரும்ப எடுத்துக்கொள்வதானால் வைத்துக்கொள்கிறோம் என்று 8 கடைக்காரர்கள் சொல்கிறார்கள். அங்கே விற்கும் பன்னிரண்டில் நான்கு பிடித்தால், நாளுக்கு 32 கிலோ, வாரத்துக்கு 224 கிலோ. கடைக்காரருக்குப் பாக்கெட்டுக்கு ஐந்து ரூபாய் போக 7,840 ரூபாய். அரிசி, உளுந்து, மின்சாரம், பெட்ரோல், புளித்துத் திரும்பும் பாக்கெட் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். வியாபாரத்தை இறக்கலாமா வேண்டாமா என்பதை முடிவு செய்வது இந்த எண்தான். இது தவறாகப் போனாலும் எங்கே தவறியது என்று தெரியும்: எட்டுக் கடை ஐந்தாகியிருக்கும், அல்லது நான்கு பாக்கெட் இரண்டாகியிருக்கும்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. அது இன்றைய பழக்கத்தை எண்ணுகிறது. நாளை மாறக்கூடிய பழக்கம் அதில் வராது. 2014இல் நியூயார்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் அஸ்வத் தாமோதரன், உலக டாக்சி சந்தையை 10,000 கோடி டாலர் என்றும், அதில் ஊபருக்குப் பத்து சதவீதம் என்றும் கொண்டு, நிறுவனத்தின் மதிப்பை சுமார் 590 கோடி டாலராகக் கணித்தார். முதலீட்டாளர்கள் அப்போது கொடுத்திருந்த மதிப்பு 1,700 கோடி. ஊபரில் முதலீடு செய்திருந்த பில் கர்லி இதற்கு எழுதிய மறுப்பில், வண்டி விரைவாகவும் மலிவாகவும் வந்தால், முன்பு டாக்சியே ஏறாதவர்களும் ஏறுவார்கள், சிலர் சொந்தக் கார் வாங்குவதையே விடக்கூடும் என்று வாதிட்டார். டாக்சியில் ஏறுபவர்களைத் தலை தலையாக எண்ணியிருந்தாலும் அந்தப் புதியவர்கள் அகப்பட்டிருக்க மாட்டார்கள்.

மாவுக் கணக்கில் அவர்களுக்கு ஒப்பானவை கடை மாவு வாங்காத 36 வீடுகள். அவற்றை மொத்தத்தோடு சேர்ப்பதும் தவறு, மறந்துவிடுவதும் தவறு. வாங்கும் 24 வீடுகளிடம் ஒரு கேள்வியைக் கூடுதலாகக் கேட்கலாம்: “வீட்டில் ஆட்டுவதை எப்போது நிறுத்தினீர்கள், எதனால்?” கிரைண்டர் பழுதானது, மனைவி வேலைக்குப் போகத் தொடங்கியது, மாமியார் ஊருக்குப் போனது என்று பதில்கள் வரும். போன ஓராண்டில் அப்படி மாறிய வீடுகள் மூன்று என்றால், 3,600 வீடுகளில் அது ஏறக்குறைய 180. அறுபதில் மூன்று என்பது மிகச் சிறிய எண் என்பதால், இதைத் தனி வரியாக எழுதி, அடுத்த ஆண்டு அதே 60 வீடுகளில் மறுபடி கேட்டுச் சரிபார்க்க வேண்டும்.