இறந்தவனுக்கு அளித்த வாக்கும் இருப்போர் உயிரும்: பழையனூர் நீலி கதையை முன்வைத்து

சாகும் வேளையில் ஒருவருக்கு அளித்த வாக்கு, பின்னர் உயிரோடிருக்கும் குடும்பத்தாருக்குக் கேடாக முடிவதுண்டு. வாக்குப் பெற்றவர் இறந்துவிட்டதால், ‘நிறைவேற்ற வேண்டா’ என விடுவிக்க எவரும் இல்லை. இச்சிக்கலை அணுகத் தொண்டைநாட்டுப் பழையனூர் நீலி கதை துணைசெய்கிறது. இக்கதையில் வாக்குப் பெற்றவன் நோய்ப்படுக்கையில் இருப்பவன் அல்லன். எனினும் அன்றிரவே இறப்பவன். திருவள்ளூர் மாவட்டத்துத் திருவாலங்காட்டை அடுத்தது பழையனூர். திருஞானசம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகம் இக்கதையைச் சுட்டுவது அதன் தொன்மைக்குச் சான்று.

பரவலாக வழங்கும் வடிவில், முற்பிறவிப் பகையால் நீலி என்னும் பேய் ஒரு வணிகனைத் தொடர்கிறது. கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, அவனைத் தன் கணவன் என்று ஊரவையில் முறையிடுகிறது. வணிகன் மறுக்கிறான். அவையினரான வேளாளர் எழுபதின்மர், காப்பாக அவன் வைத்திருந்த வாளை வாங்கிவைத்துக்கொண்டு, அவளுடன் தங்குமாறு பணிக்கின்றனர். அவனுக்குத் தீங்கு நேர்ந்தால் தம் எழுபது உயிரும் ஈடு என வாக்களிக்கின்றனர். இரவில் நீலி அவனைக் கொன்றுவிடுகிறாள். எழுபதின்மரும் தீப்பாய்கின்றனர்.

இங்கு இரண்டு கூறுகள் கருதத்தக்கன. முதலாவது, வாக்கு வெறும் ஆறுதலன்று. வாளைப் பிரித்தவர்கள் அவையினரே. ஆதலின் அவ்வாக்கு அவர்தம் தீர்ப்பின் பிழைக்குரிய பிணையாகிறது. அதனை வெறும் பிடிவாதம் எனத் தள்ளிவிட இயலாது.

இரண்டாவது, மறுநாள் நீலி வணிகனின் தாய் வடிவில் வந்து மகனைக் கேட்கிறாள். இறந்தவனுக்குரிய வாக்கிலிருந்து விடுவிக்கும் உரிமை எவருக்கேனும் உண்டெனில், அது அவன் சுற்றத்தாருக்கே உண்டு. கொன்றவளே அவ்விடத்தைக் கைப்பற்றிக்கொள்வதால் விடுதலைக்கான ஒரே வழியும் அடைபடுகிறது. இறந்தவரின் பெயரால் வாக்கைக் கோருபவர் எவர் என்னும் வினாவைக் கதை இவ்வாறு எழுப்புகிறது.

வாக்களித்தோர் தம் உயிரையே பணயம் வைத்தனர். ஆயினும் இழப்பு அவர்களோடு நிற்கவில்லை. எழுபதின்மருள் ஒருவர் அவ்வேளையில் வயலில் உழுதுகொண்டிருந்தார் என்றும், செய்தி கேட்டு ஏரின் கொழுமுனையால் உயிர்விட்டார் என்றும் கூறுவர். பாதி உழுத நிலமும் அதனை நம்பிய வீடும் அவ்வாக்கில் கையொப்பமிடாத தரப்பினர். மரபு வாய்மையைப் போற்றுகிறது. பின்தங்கிய மனைவி மக்களின் குரலை முதன்மைப்படுத்துவதில்லை.

ஆகவே இக்கதை வாய்மைக்கு எடுத்துக்காட்டு என்பதோடு அமையாது. தன் உயிரை ஈடாக வைப்பதற்கும், தன்னைச் சார்ந்தோரின் வாழ்வை ஈடாக வைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அது புலப்படுத்துகிறது. முன்னது வாக்களிப்பவரின் உரிமை. பின்னதற்கு அச்சார்ந்தோரின் இசைவும் வேண்டும். பழையனூர் அவையில் அவ்விசைவைக் கேட்டவர் எவரும் இலர்.