ஆறாவது அடியில் முடியும் வட்டம்

கவராயத்தை 5 செ.மீ. அகலத்துக்கு விரித்து ஒரு வட்டம் வரையுங்கள். விரிப்பை மாற்றாமல், முள்ளை வட்டத்தின் மேல் ஏதாவது ஓர் இடத்தில் ஊன்றி, வட்டத்தை வெட்டுமாறு ஒரு சிறு வில் போடுங்கள். வெட்டிய இடத்துக்கு முள்ளை நகர்த்தி அடுத்த வில். இப்படியே வட்டத்தைச் சுற்றிப் போனால், ஆறாவது வில் நீங்கள் புறப்பட்ட புள்ளியிலேயே வந்து விழும். ஆறு புள்ளிகளையும் அடுத்தடுத்து அளவுகோலால் இணைத்தால், ஒவ்வொரு பக்கமும் 5 செ.மீ. உள்ள ஒழுங்கு அறுகோணம் கிடைத்துவிடும். கோணமானி தேவையே இல்லை.

பள்ளியில் எல்லோரும் இதைச் செய்திருப்போம். வட்டம் வரைந்த அதே விரிப்பு ஏன் மிச்சமும் இல்லாமல் குறைவும் இல்லாமல் சரியாக ஆறு முறை அடங்குகிறது என்று நின்று கேட்டவர்கள் குறைவு. 7 செ.மீ. வட்டமானாலும் கோயில் திடலில் கயிறு கட்டிப் போட்ட 7 மீட்டர் வட்டமானாலும் ஆறுதான்.

முதல் அடியை மட்டும் எடுத்துக்கொள்வோம். புறப்பட்ட புள்ளி அ, முதல் வில் வெட்டிய புள்ளி ஆ, வட்டத்தின் மையம் ம. மையத்திலிருந்து அ-வுக்கு 5 செ.மீ.; ஆ-வுக்கும் 5 செ.மீ. இரண்டுமே ஆரங்கள். அ-விலிருந்து ஆ-வுக்கும் 5 செ.மீ., ஏனென்றால் அதே விரிப்பில்தான் வில் போட்டோம். மூன்று பக்கமும் சமமான முக்கோணம் இது. பக்கங்கள் சமம் என்றால் அவற்றுக்கு எதிரே உள்ள கோணங்களும் சமம். ஒரு முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் சேர்த்தால் 180 பாகை, அதாவது ஒரு நேர்கோடு. ஆகவே மையத்தில் உண்டாகும் கோணம் நேர்கோட்டில் மூன்றில் ஒரு பங்கு: 60 பாகை.

விடை முழுவதும் இந்த ‘மூன்றில் ஒரு பங்கில்’தான் இருக்கிறது. இரண்டாவது அடி இதே போன்ற இன்னொரு முக்கோணத்தை முதல் முக்கோணத்தை ஒட்டி வைக்கிறது. மூன்றாவது அடி மூன்றாவது முக்கோணத்தை. மூன்று பங்கும் மையத்தில் சேர்ந்தால் முழு நேர்கோடு. ஆகவே மூன்று அடியில் நீங்கள் புறப்பட்ட புள்ளிக்கு நேர் எதிரே, விட்டத்தின் மறுமுனையில் நிற்கிறீர்கள். இன்னும் மூன்று அடி வைத்தால் மறு அரைவட்டமும் முடிந்து அ-வுக்கே திரும்பிவிடுகிறீர்கள். வட்டத்தை 360 பாகையாகப் பிரிக்க வேண்டும் என்று மனிதர்கள் முடிவு செய்ததற்கும் இதற்கும் தொடர்பில்லை. முக்கோணத்தின் கோணங்கள் ஒரு நேர்கோடாகச் சேர்வதுதான் காரணம்.

பாடநூல்கள் இதே உண்மைக்கு மறுபக்கத்திலிருந்து வரும். வட்டத்துக்குள் ஒழுங்கு அறுகோணம் ஏற்கெனவே இருப்பதாகக் கொண்டால், மையக் கோணம் ஒவ்வொன்றும் 360-இல் ஆறில் ஒரு பங்கான 60 பாகை. இரு ஆரங்கள் சமம் என்பதால் மீதியுள்ள 120 பாகையை மற்ற இரு கோணங்களும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்கின்றன. மூன்று கோணமும் 60 என்றால் மூன்று பக்கமும் சமம். எனவே அறுகோணத்தின் பக்கம் ஆரத்துக்குச் சமம்.

நேர்கோடுதான் காரணம் என்பதைச் சோதித்துப் பார்க்க ஒரு நல்ல இடம் உண்டு: பூமி உருண்டை. வட துருவத்தை மையமாகவும் நிலநடுக்கோட்டை வட்டமாகவும் வைத்துக்கொள்ளுங்கள். துருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரை தரையோடு அளந்தால் ஏறத்தாழ 10,000 கி.மீ. அதுதான் இங்கே ஆரம். நிலநடுக்கோட்டின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கி.மீ. ஆகவே ஆரத்தின் அளவுக்கே அடி வைத்தால் நான்கே அடியில் சுற்றி வந்துவிடலாம். வளைந்த பரப்பில் முக்கோணத்தின் கோணங்கள் 180-ஐத் தாண்டிவிடுகின்றன. இந்தப் பெரிய சமபக்க முக்கோணத்தில் ஒவ்வொரு கோணமும் 90 பாகை. ஆறு என்ற எண்ணிக்கை தட்டையான தாளுக்கு மட்டுமே உரியது.

தாளிலும் ஒரு குழப்பம் வரும். கவராயம் அளப்பது இரு புள்ளிகளுக்கு இடையே உள்ள நேர்த் தூரத்தை, அதாவது நாணை. நூலை 5 செ.மீ. நீளத்துக்கு வெட்டி வட்டத்தின் வளைவோடு ஒட்டி ஒட்டி வைத்தால், ஆறு முறை வைத்த பிறகும் சுமார் 1.4 செ.மீ. இடைவெளி மிச்சம் நிற்கும். அறுகோணத்தின் சுற்றளவு 30 செ.மீ., வட்டத்தின் சுற்றளவு சுமார் 31.4 செ.மீ. வட்டத்தின் சுற்றளவு விட்டத்தைப் போல் மூன்று மடங்குக்கும் சற்று அதிகம் என்பதை இந்த இடைவெளியே கண்ணுக்குக் காட்டிவிடுகிறது.

கையால் வரையும்போது ஆறாவது வில் பெரும்பாலும் புறப்பட்ட புள்ளியில் விழாது. கவராயத்தின் திருகு தளர்ந்து, விரிப்பு 5-இலிருந்து 5.1 செ.மீ. ஆகிவிட்டது என்று கொள்வோம். வெறும் ஒரு மில்லிமீட்டர்தான். ஆனால் ஒவ்வோர் அடியும் 60-க்குப் பதில் சுமார் 61.3 பாகை திரும்புகிறது. ஆறு அடியில் பிழை சேர்ந்து, கடைசி வில் தொடக்கப் புள்ளியைத் தாண்டி ஏறத்தாழ 7 மி.மீ. தள்ளி விழும். அதைக் கண்டுகொள்ளாமல் ஐந்தாம் அடியின் முனையைத் தொடக்கத்தோடு இணைத்தால், ஐந்து பக்கங்கள் 5.1 ஆகவும் ஆறாவது சுமார் 4.5 ஆகவும் அமையும். இதை முன்கூட்டியே பிடிக்கலாம்: மூன்று அடி முடிந்ததும் அளவுகோலைத் தொடக்கப் புள்ளிக்கும் மூன்றாம் அடியின் புள்ளிக்கும் இடையே வையுங்கள். அது மையத்தில் முள் குத்திய துளை வழியாகப் போகாவிட்டால் விரிப்பு மாறிவிட்டது.

யூக்ளிடின் ‘மூலங்கள்’ நூல் இந்தப் பிழை சேராத வழியைக் கையாள்கிறது. நான்காம் புத்தகத்தின் 15-ஆம் முன்மொழிவில் அவர் வட்டத்தைச் சுற்றி நடக்கவில்லை. ஒரு விட்டம் வரைகிறார். அதன் ஒரு முனையில் முள்ளை ஊன்றி, அதே ஆரத்தில் வில் போட்டு, இருபுறமும் வட்டத்தை வெட்டுகிறார். அந்த இரு புள்ளிகளிலிருந்தும் மையத்தின் வழியாகக் கோடிழுத்து எதிர்ப்பக்கம் வரை நீட்டுகிறார். விட்டத்தின் இரு முனைகள், வெட்டிய இரண்டு, நீட்டியதில் கிடைத்த இரண்டு என ஆறு புள்ளிகளும் தயார். இங்கேயும் விரிப்பு 5.1 ஆகப் போனால் நான்கு பக்கங்கள் 5.1, இரண்டு சுமார் 4.8 என்று வரும். பிழை ஒரே பக்கத்தின் தலையில் விழாமல் இரண்டுக்கும் பங்காகிறது. தாளில் வரைபவர்களுக்கு இந்த வழியையே நான் பரிந்துரைப்பேன்.

கி.பி. 499-இல் தம் நூலை எழுதிய ஆரியபட்டருக்கு இந்தச் சமத்துவம் கணக்கின் நங்கூரமாக இருந்தது. வட்டச் சுற்றில் ஆறில் ஒரு பங்கின் நாண் ஆரத்துக்குச் சமம் என்று கணித பாதத்தில் அவர் சொல்லிவிடுகிறார். அவருடைய அட்டவணையில் ஆரம் 3438. ஆகவே 60 பாகையின் நாணும் 3438. அதில் பாதியான 1719 தான் 30 பாகைக்கு உரிய அரை நாண். வேறு எந்தக் கணக்கும் இல்லாமல், அறுகோணத்திலிருந்தே முழு எண்ணாகக் கைக்கு வரும் மதிப்பு அது.