“இன்னைக்கு ஃப்ரீயா?” என்று மட்டுமே கேட்பவர்

மாலை ஐந்தரை மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வருகிறது: “இன்னைக்கு ஃப்ரீயா? மீட் பண்ணலாமா?” முதல் தடவை இது சந்தோஷம் தருகிற செய்திதான். நம் நினைப்பு வந்திருக்கிறது, பார்க்கத் தோன்றியிருக்கிறது, உடனே கேட்டும்விட்டார். ஆனால் அதே ஆள் இரண்டு மாதமாக அன்றன்றைக்கே கேட்கிறார், சனிக்கிழமை என்றோ அடுத்த வாரம் என்றோ ஒருமுறைகூடச் சொன்னதில்லை என்றால் மனதில் ஒரு கேள்வி எழும். இவர் சுபாவமே இப்படியா? இல்லை, வேறு ஏதாவது அமைகிறதா என்று மாலை வரை பார்த்துவிட்டு, எதுவும் அமையாத நாளில் நம்மைக் கூப்பிடுகிறாரா?

நண்பர்களுக்குள் இந்தக் கேள்வி வந்தால் மனத்தாங்கலோடு போய்விடும். ஜாதகம் பார்த்து முடித்து, “நீங்க ரெண்டு பேரும் பேசிப் பாருங்க, அப்புறம் நாங்க மேற்கொண்டு பேசறோம்” என்று பெரியவர்கள் விட்டிருக்கும் நிலையில் அதற்குக் கனம் அதிகம். வீட்டில் தினமும் கேட்பார்கள். பதில் சொல்ல வேண்டிய பெண்ணுக்கோ, அவர் மனதில் என்ன இருக்கிறது என்பதே பிடிபடாது.

அப்படி ஒரு சூழ்நிலையைக் கற்பனை செய்துகொள்வோம். பெண்ணுக்கு நித்யா என்றும் பையனுக்குக் கார்த்திக் என்றும் பெயர் வைத்துக்கொள்வோம். அவளுக்கு சிறுசேரியில் வேலை, அவருக்கு கிண்டியில். செவ்வாய்க்கிழமை மாலை அழைப்பு வருகிறது. அவள் ஆபீஸிலிருந்து நேராகத் திருவான்மியூர் போகிறாள். காபிக் கடையில் இரண்டு மணி நேரம் நன்றாகப் பேசுகிறார்கள். அடுத்த சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு இன்னொரு அழைப்பு. அன்று தாம்பரத்தில் மாமா வீட்டு விசேஷம். “இன்னைக்கு முடியாதுங்க. புதன்கிழமை சாயங்காலம் பார்க்கலாமா?” என்று எழுதுகிறாள். “பார்க்கலாம்ங்க, அன்னைக்குச் சொல்றேன்” என்று பதில் வருகிறது. புதன்கிழமை தோழிகள் சினிமாவுக்குக் கூப்பிட்டபோது அவள் போகவில்லை. ஏழு மணி வரை போனில் எதுவும் இல்லை. வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்கு, நடுவில் எதுவுமே நடக்காததுபோல், “இப்ப வெளிய வர முடியுமா?” என்று வருகிறது.

இதில் முதல் செவ்வாய்க்கிழமை அழைப்பை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது. கலகலப்பான ஆளும் அப்படித்தான் கேட்பார், கணக்குப் பார்க்கிறவரும் அப்படித்தான் கேட்பார். வித்தியாசம் தெரிகிற இடம் அந்தப் புதன்கிழமை.

திடீரென்று முடிவெடுக்கிறவரும் முடிவெடுக்கிறவர்தான். தோன்றியது, கேட்டார், வந்தார். எல்லா வழியையும் திறந்துவைத்திருப்பவர் செய்வது வேறு. அவர் முடிவெடுப்பதைத் தள்ளிப்போடுகிறார். புதன்கிழமைக்குச் சரி என்று சொல்லிவிட்டால் அந்த மாலை கையை விட்டுப் போய்விடும். அதனால் சரி என்றும் சொல்வதில்லை, முடியாது என்றும் சொல்வதில்லை. வெளியிலிருந்து பார்த்தால் இருவருமே திட்டமில்லாதவர்களாகத் தெரிவார்கள். உள்ளே ஒருவரிடம் ஆசை வேகமாக வேலை செய்கிறது, மற்றவரிடம் தயக்கம் காவல் காக்கிறது.

முன்கூட்டியே நேரம் குறிப்பது சிலருக்கு உண்மையாகவே சந்தோஷத்தைக் குறைக்கும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கேப்ரியேலா டோனியெட்டோ, செலின் மால்கோச் என்ற இரு ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றியது. தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த கல்லூரி மாணவர்களுக்கு அவர்கள் இலவசமாகக் காபியும் பிஸ்கட்டும் தந்தார்கள். ஒரு பகுதியினருக்குக் குறித்த நேரம் கொடுக்கப்பட்டது. மற்றவர்கள் இரண்டு மணி நேர இடைவெளிக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். மணி குறித்து வந்தவர்களைவிட, தோராயமாக வந்தவர்களே அந்த ஓய்வை அதிகம் ரசித்தார்கள். மணி அடித்தாற்போல் வைத்தால் பொழுதுபோக்குக்கும் வேலையின் சாயல் வந்துவிடுகிறது.

இந்த ஆய்வைக் காட்டி, “எனக்கு பிளான் பண்ணினாலே பிடிக்காது” என்று ஒருவர் வாதாடலாம். ஆனால் அந்த மாணவர்களுக்கு நாள் தெரியும், எந்த நேரத்துக்குள் என்பதும் தெரியும். தளர்ந்திருந்தது மணிக்கணக்கு மட்டும்தான். ஆகவே திட்டம் பிடிக்காதவருக்கு, “சனிக்கிழமை சாயங்காலம், வெயில் தாழ்ந்ததும்” என்கிற அளவில் சொன்னால் போதும். நாளைக்கூட ஒப்புக்கொள்ள முடியவில்லை என்றால், அதற்கு இந்த ஆய்வு பதில் சொல்லாது.

நாளை ஒப்புக்கொள்ள முடியாமல் போவதற்கான காரணத்தை 2004இல் வெளியான வேறொரு ஆய்வில் பார்க்கலாம். ஜிவூங் ஷின், டான் ஏரியலி இருவரும் ஒரு கணினி விளையாட்டை வைத்தார்கள். திரையில் மூன்று கதவுகள். ஒரு கதவைத் திறந்து உள்ளே போய்க் கிளிக் செய்தால் சிறு தொகை கிடைக்கும். கிளிக்குகளின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. எந்தக் கதவைக் கவனிக்காமல் விடுகிறோமோ அது கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி மறைந்துவிடும். ஆடியவர்கள் என்ன செய்தார்கள்? நல்ல தொகை தரும் கதவிலேயே இருப்பதை விட்டு, சுருங்கும் கதவுகளைக் காப்பாற்ற ஓடி ஓடிக் கிளிக்குகளைச் செலவழித்தார்கள். கிடைக்கவேண்டிய பணத்தையும் இழந்தார்கள். அந்தக் கதவுக்குள் போகும் விருப்பம் பெரிதாக இல்லாவிட்டாலும், அது மூடிக்கொள்வதை அவர்களால் தாங்க முடியவில்லை.

கார்த்திக் கெட்டவர் என்று சொல்ல இதைக் கொண்டுவரவில்லை. கதவு மூடிவிடும் என்ற பயம் பெரும்பாலோருக்கு உண்டு. நித்யாவை அவருக்குப் பிடித்தும் இருக்கலாம். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை எட்டு மணிச் செய்தியின் வேலை, சுருங்கிக்கொண்டிருக்கும் கதவில் ஒரு தட்டு தட்டிவைப்பதாகவும் இருக்கலாம். பார்க்க ஆசைப்பட்டு வரும் செய்தியும், தொடர்பு அறுந்துவிடக்கூடாதே என்று வரும் செய்தியும் எழுத்தில் ஒன்றுபோலவே இருக்கும். அதனால்தான் செய்தியைப் படித்துப் படித்துப் பொருள் தேடுவதில் பயன் இல்லை.

வேறு எதைப் பார்ப்பது? நிச்சயமின்மையின் சுமை யார் தலையில் இருக்கிறது என்று பார்க்கலாம். போன் இல்லாத காலத்தில், “சும்மா இந்தப் பக்கம் வந்தேன், அப்படியே எட்டிப் பார்த்துட்டுப் போலாம்னு” என்று சொல்லிக்கொண்டு உறவுக்காரர்கள் வாசலில் வந்து நிற்பார்கள். அதுவும் திடீர் வருகைதான். ஆனால் வீடு பூட்டியிருந்தால் வெயிலில் வந்த வழியே திரும்பியவர் அவர்தான். வீட்டுக்காரர் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. இன்றைய “ஃப்ரீயா?”வில் இந்தக் கணக்கு தலைகீழாகிவிட்டது. கேட்பவர் இருந்த இடத்திலிருந்தே கேட்கிறார், கேட்கப்படுபவர் மாலைகளைக் காலியாக வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். நித்யா போகாமல் விட்ட சினிமாதான் அந்தச் சுமை.

உண்மையிலேயே திடீர் சுபாவம் உள்ளவர் அந்தச் சுமையைத் தானே ஏற்றுக்கொள்வார். நித்யா மாமா வீட்டுக்குப் போகவேண்டும் என்று சொன்னால் அவர் முகம் தூக்கமாட்டார். அவள் திடீரென்று கூப்பிட்டாலும் வருவார். திருவான்மியூர்தான் வசதி என்று சொல்லாமல், “நானே சோழிங்கநல்லூர் பக்கம் வந்துடறேன்” என்பார். புதன்கிழமையா என்று கேட்டால், “புதன் ஆபீஸ்ல ரிலீஸ் இருக்குங்க, வியாழன் ஏழு மணிக்கு மேல ஓகேவா?” என்று ஒரு மாற்று நாளைச் சொல்வார். முடியாது என்பதோடு நிறுத்தாமல் வேறு நாளைச் சொல்கிறாரா என்பது மிக நல்ல அடையாளம். “பார்க்கலாம்” என்று மட்டும் சொல்கிறவர் அந்த நாளையும் தன்னிடமே வைத்துக்கொள்கிறார்.

ஒன்றில் மட்டும் அவசரப்படக்கூடாது. நாள் சொல்ல முடியாததற்கு நியாயமான காரணங்கள் பல உண்டு. ஷிப்ட் மாறி மாறி வருகிற செவிலியர், ஆன்கால் பணியில் இருக்கும் டாக்டர், படுக்கையில் இருக்கும் அப்பாவைப் பார்த்துக்கொள்பவர், மாதக் கடைசியில் கையில் காசு இல்லாமல் அதைச் சொல்லக் கூச்சப்படுபவர், நாள் குறித்துவிட்டால் அதற்குள் பதற்றத்தில் தூக்கம் கெடுபவர் என்று பலர் இருக்கிறார்கள். இவர்களை எப்படிப் பிரித்தறிவது? இவர்களுடைய நிலை எல்லோரிடமும் ஒன்றுபோல் இருக்கும். நண்பர்களோடு பாண்டிச்சேரி போக மூன்று வாரம் முன்பே ரூம் போட்டவர், நம்மிடம் மட்டும் நாள் சொல்ல முடியாது என்றால் அங்கே காரணம் ஷிப்ட் அல்ல. மேலும், நிலைமை காரணமாக நாள் சொல்ல முடியாதவர்கள் பெரும்பாலும் அதைச் சொல்லிவிடுவார்கள். கூச்சத்தால் சொல்லாமல் இருப்பவரும் நேராகக் கேட்டால் சொல்ல வாய்ப்பிருக்கிறது.

ஆகவே நேராகக் கேட்பதுதான் வழி. நித்யா அடுத்த அழைப்பு வரும்வரை காத்திருக்காமல், நாலைந்து நாள் தள்ளி ஒரு நாளைத் தானே சொல்லலாம்: “ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெசன்ட் நகர் பக்கம் வர்றேன். வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க, இல்லன்னா வேற வேலை வச்சுக்குவேன்.” இதில் கோபம் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. நாள் இருக்கிறது, மணி தளர்வாக இருக்கிறது, பதிலுக்கு ஒரு கெடு இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் வராவிட்டால் அவள் சொன்னபடியே வேறு வேலை வைத்துக்கொள்ள வேண்டும். ஞாயிறு நாலு மணிக்கு “ரெடியா?” என்று வந்தாலும் போகக்கூடாது. கெடு சொல்லிவிட்டு அதை நாமே மீறினால், காத்திருப்பது நம் வழக்கம் என்று அவருக்கு நாமே சொல்லிக்கொடுத்ததாகிவிடும். ஒரு தடவை தவறினால் அது தற்செயலாக இருக்கலாம். வேறொரு வாரம் இன்னொரு முறை நாள் சொல்லிப் பார்த்து, அப்போதும் அதே “அன்னைக்குச் சொல்றேன்” வந்தால், வீட்டில் சொல்லவேண்டிய பதில் அவளுக்குக் கிடைத்துவிட்டது.

கார்த்திக் போன்றவர்களுக்கும் ஒன்று சொல்ல இருக்கிறது. ஹார்வர்டில் டேனியல் கில்பர்ட், ஜேன் எபர்ட் இருவரும் ஒரு புகைப்பட வகுப்பு நடத்தி, மாணவர்கள் தாங்கள் எடுத்த இரண்டு நல்ல படங்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். சிலருக்கு அந்த முடிவை மாற்ற முடியாது. சிலர் சில நாட்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம். 2002இல் வெளியான அந்த ஆய்வின்படி, மாற்ற வாய்ப்பிருந்தவர்களுக்குத்தான் தங்கள் படம் குறைவாகப் பிடித்தது. ஆனால் எப்படிப்பட்ட வகுப்பு வேண்டும் என்று கேட்டபோது, மாற்றிக்கொள்ளும் வசதி உள்ளதையே பலரும் விரும்பினார்கள். கதவைத் திறந்துவைத்தால் நிம்மதி என்று நினைக்கிறோம். கையில் இருப்பதை முழு மனதோடு விரும்ப முடியாமல் செய்வதும் அதே திறந்த கதவுதான். நித்யாவைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று கார்த்திக்குக்கே தெளிவு வராமல் போகலாம். ஒரு புதன்கிழமையை முழுசாக அவளுக்குக் கொடுத்துப் பார்த்தால்தான் அவருக்கும் அது தெரியவரும்.