சிரங்கு: பாயை மட்டும் துவைத்தால் போகுமா?

கம்மாபுரம் பக்கத்து மாணவர் விடுதி ஒன்றில் ஓர் அறை. ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் ஒரு பையன் ஊரிலிருந்து சொறி சிரங்கோடு வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் படுப்பவனுக்கு அதே வாரம் தொற்றிவிடும். ஆனால் அரிப்பு தொடங்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். முதல்முறை தொற்றும்போது சிரங்குப் பூச்சியை உடம்பு அடையாளம் கண்டு எதிர்வினை காட்ட அவ்வளவு நாளாகிறது. அதற்குள் அவனும் இன்னொருவனுக்குக் கொடுத்துவிடுவான். சொறிகிறவனுக்கு மட்டும் மருந்து போட்டால் சிரங்கு அறையைச் சுற்றிச் சுற்றி வருவது இதனால்தான்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டன் ராணுவம் சிரங்கை ஒழிக்கக் கம்பளிகளைச் சூட்டில் வாட்டிக்கொண்டிருந்தது. கென்னத் மெல்லன்பி என்ற பூச்சியியலாளர் ஷெஃபீல்டில் தன்னார்வலர்களை வைத்துச் சோதித்தார். நோயாளிகளின் உள்ளாடை, கம்பளிகளைப் பயன்படுத்தியவர்களில் மிகச் சிலருக்கே தொற்றியது. தோலோடு தோல் நெடுநேரம் ஒட்டியிருப்பதே முதன்மை வழி என்று தெரிந்தது. உடம்பை விட்டு விழுந்த பூச்சி இரண்டு மூன்று நாளில் செத்துவிடும்.

எனவே மருந்து முதலில், துணி அதற்குத் துணை. மருத்துவர் சொல்லும் 5 சதவீத பெர்மெத்ரின் களிம்பை அறையிலுள்ள எல்லோரும் ஒரே இரவில் பூச வேண்டும். கழுத்திலிருந்து உள்ளங்கால்வரை, விரலிடுக்கு, தொப்புள், நகத்தடி எதையும் விடாமல் பூசி, 8 முதல் 14 மணி நேரம் கழித்துக் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடியும் பூச வேண்டும். கைக்குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மருத்துவரைக் கேட்காமல் எதையும் பூசக் கூடாது.

குளித்த காலையில், கடந்த மூன்று நாள் உடுத்திய துணி, போர்வை, துண்டு, தலையணை உறையைச் சுடுநீரில் போடுங்கள். நீர் 50 டிகிரிக்குக் குறையாமல் பத்து நிமிடம் இருக்க வேண்டும். வாளியில் துணியை அடைத்து ஒரு சொம்பு வெந்நீர் ஊற்றினால் உடனே ஆறிவிடும். துணி முழுதும் மூழ்கும்படி ஊற்றி மூடி வையுங்கள். ஐப்பசி மழையில் காயாத மெத்தை, கம்பளியை பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் வைத்தாலே போதும்.

அறையில் பேனும் இருந்தால், பேன் விஷயம் வேறு. அது தலைக்குத் தலை நேராகத் தாவாமல் ஊர்ந்தே போகும். தலையை விட்டு விழுந்தால் ஓரிரு நாள்தான் உயிர் வாழும். எனவே தலையணை உறை, துண்டு, சீப்பு ஆகியவற்றை மட்டும் சுடுநீரில் போட்டால் போதும். பேன் மருந்துகளில் பல ஈரை முழுதாகக் கொல்லாது. ஈர் ஏழு முதல் பத்து நாளில் பொரிக்கும். அதனால்தான் ஒன்பதாம் நாள் மறுபடி மருந்து, இடையில் ஈரத் தலையில் பேன் சீப்பு. மண்ணெண்ணெய் வேண்டாம், தீக்காயம் படும் ஆபத்து உண்டு.

சிரங்குப் பூச்சி செத்த பிறகும் இரண்டு முதல் நான்கு வாரம் அரிப்பு இருக்கும். அதற்காகக் களிம்பைத் திரும்பத் திரும்பப் பூசாதீர்கள். நான்கு வாரத்துக்குப் பிறகும் அரித்தால், அல்லது புதுக் கொப்புளம் வந்தால் மருத்துவரிடம் போங்கள். விடுதிக் காப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அரிக்கிற பையனைத் தனியே ஒதுக்காதீர்கள், ஒரு சனிக்கிழமையைக் குறித்து அறை முழுவதற்கும் ஒரே இரவில் களிம்பு பூசச் செய்யுங்கள்.