மங்கிய பட்டாவில் ஒரு இலக்கம்

செல்பேசியில் படமெடுத்த பட்டா நகல். மடிப்பு விழுந்த இடத்தில் மை கலைந்திருக்கிறது. அதில் மூன்று வரிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம்: புல எண் 112, உட்பிரிவு 1, பரப்பு 0-40.50; அடுத்து 112/2, பரப்பு 0-2?.00, பிறகு 115/3, பரப்பு 0-16.00.

கோட்டுக்கு முன்னால் இருப்பது ஹெக்டேர், பின்னால் ஏர். ஒரு ஏர் என்பது ஏறத்தாழ 2.47 சென்ட். ஆகவே முதல் வரி சுமார் ஒரு ஏக்கர்.

கலைந்த இலக்கத்தைக் கண்ணால் ஊகித்து நிரப்பிவிடக் கூடாது. பார்த்தெழுதும்போது அங்கே கேள்விக்குறிதான் போட வேண்டும். பிறகு அடியில் உள்ள மொத்தத்தைப் பார்க்கலாம். அது 0-81.50 எனத் தெளிவாக இருந்தால், மற்ற இரண்டின் கூட்டுத்தொகையான 56.50 போக மிச்சம் 25.00. மங்கிய இலக்கம் 5. அப்போதும் ‘மொத்தத்திலிருந்து கணக்கிட்டது’ என்று பக்கத்தில் குறித்து வைப்பதே நேர்மை.

உட்பிரிவு மங்கினால் இந்தக் கணக்கு உதவாது. ஆங்கில ‘பி’ எழுத்து 8 போலத் தெரியும். 1பி என்பது 18 ஆகி, வேறொருவர் நிலத்தைக் காட்டிவிடும்.

பெயரிலும் கவனம் வேண்டும். ‘கந்தசாமி மகன் முருகன்’ என்றிருந்தால் உரிமையாளர் முருகன்தான். பெயர் கலைந்திருந்தால் தமிழக அரசின் இணையவழிச் சிட்டாவோடு ஒப்பிடும்வரை கேள்விக்குறி அப்படியே இருக்கட்டும்.