வடை எத்தனை பேருக்கு?

ஞாயிற்றுக்கிழமை காலை அடுக்ககத்தில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவதாக ஏற்பாடு. சங்கச் செயலாளர் கூகுள் ஃபார்ம் ஒன்றைத் தயாரித்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார். கேள்வி ஒன்றுதான்: என்னென்ன வேண்டும்? இட்லி, பொங்கல், வடை, தயிர்வடை, ‘பூரி, கிழங்கு’ என்று ஐந்து பெட்டிகள். வேண்டியதையெல்லாம் டிக் அடிக்கலாம். பதில்கள் வந்து சேர்ந்த பிறகு சமையல் மாஸ்டர் போனில் கேட்டார்: “வடை எத்தனை பேருக்கு சார்?”

அங்கேதான் சிக்கல். ஒருவர் எத்தனை பெட்டியில் டிக் அடித்தாலும், கூகுள் ஷீட்டில் அத்தனையும் கமா போட்டு ஒரே செல்லில் வந்து உட்காரும். ஐந்து வீட்டுப் பதிலை மட்டும் பார்ப்போம். A-யில் பதில் வந்த நேரம், B-யில் வீட்டு எண், C-யில் உணவு:

```
C2: இட்லி, வடை
C3: பொங்கல், தயிர்வடை
C4:
C5: இட்லி, பொங்கல், தயிர்வடை
C6: பூரி, கிழங்கு, வடை
```

கண்ணால் படிக்க இது போதும், எண்ண முடியாது. செயலாளர் முதலில் கைவைத்தது எல்லோரும் கைவைக்கும் இடத்தில்தான்:

```
=COUNTIF(C2:C6, "*வடை*")
```

விடை 4 என்று வந்தது. ஆனால் வடை கேட்டவை இரண்டே வீடுகள். மற்ற இரண்டும் தயிர்வடை கேட்டவை. ‘வடை’ என்ற எழுத்துகள் எங்கே இருந்தாலும் சரி என்று நட்சத்திரக்குறி சொல்லிவிடுவதால், தயிர்வடைக்குள் இருக்கும் வடையையும் சேர்த்து எண்ணிவிட்டது. இதை நம்பி உளுந்து ஊறப்போட்டிருந்தால் இரண்டு மடங்கு ஊறியிருக்கும்.

சரியான வழி, உணவு ஒவ்வொன்றுக்கும் ஒரு நெடுவரிசை ஒதுக்குவது. D1-இல் இட்லி, E1-இல் பொங்கல், F1-இல் வடை, G1-இல் தயிர்வடை, H1-இல் ‘பூரி, கிழங்கு’ என்று தலைப்பு. கீழே ஒவ்வொரு வீட்டுக்கும் வேண்டுமென்றால் 1, வேண்டாமென்றால் 0. D2-இல் இதை எழுதி வலப்பக்கமும் கீழேயும் இழுத்துவிட்டால் போதும்:

```
=IF($C2="", "", IF(ISNUMBER(SEARCH(", "&D$1&", ", ", "&$C2&", ")), 1, 0))
```

பார்க்க மிரட்டினாலும் உள்ளே இருப்பது ஒரே ஒரு தந்திரம். செல்லில் உள்ள பட்டியலின் இரு முனையிலும் ஒரு கமாவும் இடைவெளியும் ஒட்டப்படுகின்றன. தேடும் சொல்லுக்கும் அப்படியே. இப்போது தேடப்படுவது வெறும் ‘வடை’ அல்ல, இருபுறமும் கமா காவல் நிற்கும் வடை. தயிர்வடையில் வடைக்கு முன்னால் நிற்பது கமா அல்ல, ‘ர்’. எனவே அது சிக்காது. பட்டியலின் முதலிலோ கடைசியிலோ வரும் சொல்லுக்கு இயல்பாகக் கமா இருக்காது என்பதால்தான் முனைகளில் நாமே ஒட்ட வேண்டியிருக்கிறது.

ஆம், இல்லை என்று எழுதாமல் 1, 0 என்று எழுதுவதில் ஒரு வசதி உண்டு. F நெடுவரிசையைக் கூட்டினால் 2: மாஸ்டருக்குப் பதில் கிடைத்துவிட்டது. சராசரி எடுத்தால் 0.5, அதாவது பதில் சொன்ன நான்கு வீட்டில் பாதி. பொங்கலும் தயிர்வடையும் சேர்த்துக் கேட்டவர்கள் எத்தனை என்று பார்க்க `=COUNTIFS(E2:E6, 1, G2:G6, 1)`. விடை 2. பொங்கல் கேட்ட இருவருமே தயிர்வடையும் கேட்டிருக்கிறார்கள்! ஒரே செல்லில் அடைந்து கிடந்தவரை இது யார் கண்ணிலும் படவில்லை.

C4 காலியாக இருப்பதைக் கவனித்திருக்கலாம். அந்த வீட்டுக்காரர் எதுவுமே வேண்டாம் என்றாரா, கேள்வியைப் பார்க்காமல் தாண்டினாரா? தெரியாது. அதனால்தான் சூத்திரம் அங்கே 0 போடாமல் வெற்றாக விடுகிறது. 0 போட்டிருந்தால் வடையின் சராசரி 0.5-இலிருந்து 0.4 ஆகியிருக்கும். வாய் திறக்காதவரை ‘வேண்டாம்’ என்று சொன்னவராக்கிய கணக்கு அது. ஃபார்மிலேயே ‘எதுவும் வேண்டாம்’ என்று ஒரு பெட்டி வைத்து, கேள்வியைக் கட்டாயமாக்கியிருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது.

செய்த வேலை சரிதானா என்று சோதிக்க எளிய வழி உண்டு. வரிசையில் உள்ள 1-களைக் கூட்டுவது, செல்லை வெட்டினால் கிடைக்கும் துண்டுகளை எண்ணுவது, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது.

```
=COUNTA(SPLIT(C2, ", ", FALSE))
```

கடைசியில் உள்ள `FALSE` முக்கியம். அதை விட்டுவிட்டால் `SPLIT` கமாவிலும் வெட்டும், இடைவெளியிலும் வெட்டும். பட்டியலில் ‘தயிர் சாதம்’ இருந்தால் தயிர் தனி, சாதம் தனி என்றாகிவிடும்.

பதில் சொன்ன நான்கு வீட்டில் மூன்று வரிசைகள் ஒத்துப்போகின்றன. C6 மட்டும் உதைக்கிறது: 1-கள் இரண்டு, துண்டுகள் மூன்று. குற்றவாளி செயலாளரேதான். ‘பூரி, கிழங்கு’ என்று பெட்டியின் பெயருக்குள்ளேயே கமா வைத்துவிட்டார். நம் சூத்திரம் முழுப்பெயரையும் தேடுவதால் தப்பித்தது. வெட்டி எண்ணும் முறை கிழங்கைத் தனி உணவாக்கிவிட்டது. ‘பூரி கிழங்கு’ என்று எழுதியிருந்தால் தீர்ந்தது. இதே சோதனை இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கும். ‘மற்றவை’ என்ற பெட்டி வைத்து, யாராவது அதில் ரவா தோசை என்று தட்டியிருந்தால், அதற்கு நெடுவரிசை இருக்காது. துண்டு ஒன்று கூடும், 1 கூடாது.

ஐந்து உணவுக்கு இது சரி, ஐந்நூறு குறிச்சொல்லுக்குத் தலைப்பெழுதிக் கட்டுப்படியாகாது. பைத்தான் தெரிந்தவர்கள் பாண்டாஸில் ஒரே வரியில் முடிப்பார்கள்:

```
df["உணவு"].str.get_dummies(sep=", ")
```

இங்கே தலைப்புகளை நாம் தருவதில்லை, தரவில் கிடக்கும் சொற்களிலிருந்து அதுவே எடுத்துக்கொள்ளும். காலி செல்லுக்கு வரிசை முழுக்க 0 போட்டுவிடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். தமிழுக்கென்றே இன்னொரு பொறியும் உண்டு. இரண்டு இடத்திலிருந்து வந்த பட்டியல்களைச் சேர்த்தால் ‘பொங்கல்’ என்று இரண்டு நெடுவரிசைகள் வரக்கூடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். `len` போட்டால் ஒன்றில் 7, மற்றதில் 8. ‘பொ’வின் ஒகரக்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலும் என இரண்டு குறியாகவும் எழுதலாம். வெட்டுவதற்கு முன் `.str.normalize("NFC")` என்று சேர்த்தால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

திரைப்பட மதிப்பீடுகளுக்குப் பெயர்பெற்ற மூவிலென்ஸ் தரவில் இந்த இரண்டு வடிவத்தையும் நேரிலேயே பார்க்கலாம். மினசோட்டா பல்கலைக்கழகத்தின் குரூப்லென்ஸ் குழு வெளியிடுவது. 1998-இல் வந்த பழைய தொகுப்பில் பட வகைக்கு 19 நெடுவரிசைகள், எல்லாம் 0, 1. ‘டாய் ஸ்டோரி’க்கு அதில் மூன்று 1: அனிமேஷன், குழந்தைகள், நகைச்சுவை. புதிய தொகுப்பில் அதே படம் ஒரே செல்லில் `Adventure|Animation|Children|Comedy|Fantasy` என்று இருக்கிறது. பிரிப்பதற்குக் கமா அல்ல, நிமிர்ந்த கோடு. பட வகைப் பெயருக்குள் அது வர வாய்ப்பில்லை. வகை தெரியாத படத்துக்குச் செல்லைக் காலியாக விடாமல் `(no genres listed)` என்று எழுதியிருக்கிறார்கள். பிரித்தால் அதுவும் ஒரு நெடுவரிசையாக வந்து நிற்கும்.