மீனு நட்ட மாங்கொட்டை

குழந்தைகளுக்கான படக்கதைகளில் மாங்கொட்டை நடுவது எளிது. ஒரு பக்கத்தில் பாட்டியும் பேத்தியும் குழி தோண்டுவார்கள், அடுத்த பக்கத்தில் மரம் நிறையக் காய் தொங்கும். நடுவில் இருக்கும் மாதங்களை யாரும் சொல்வதில்லை. ஒரு குழந்தைக் கதைக்கு வேண்டிய திருப்பமெல்லாம் அந்த மாதங்களில்தான் இருக்கிறது. அதனால் என் பேத்திக்கு நான் சொல்லும் கதையில் மந்திரமும் இல்லை, பேசும் விதையும் இல்லை. கொட்டை மண்ணுக்குள் என்ன செய்யுமோ, அதைத்தான் சொல்கிறேன்.

கதையில் மீனுவுக்கு ஆறு வயது. கோடை விடுமுறையில் அப்பத்தா வீட்டுக்கு வந்தவள், தான் தின்ற பங்கனப்பள்ளியின் கொட்டையைக் கழுவி வெயிலில் காயவைத்து, மாடத்தில் ஒளித்துவைத்தாள். மூன்று வாரம் கழித்து எடுத்துக் காதருகே ஆட்டினால், உள்ளே கடகடவென்று சத்தம்.

"இது முளைக்காது தங்கம். பருப்பு சுருங்கிப் போச்சு" என்றாள் அப்பத்தா.

நெல்லையும் கம்பையும் காயவைத்து அடுத்த பட்டத்துக்கு விதைக்கலாம். மாங்கொட்டை அப்படியில்லை. உள்ளிருக்கும் ஈரம் போனால் அதன் உயிரும் போய்விடும். தின்ற சில நாளுக்குள் நட்டுவிடுவது நல்லது.

மறுநாள் புதிதாக ஒரு பழம். கொட்டையின் நாரைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, ஒரு நாள் நிழலில் உலர்த்தினார்கள். வழுக்காமல் பிடிக்க இது போதும். பிறகு அப்பத்தா கத்தி நுனியை ஓரத்தில் கொடுத்து, சிப்பியைத் திறப்பதுபோல் மெல்ல நெம்பினாள். ஓடு பிளந்ததும் மீனு வீலென்று கத்தினாள். பருப்பெல்லாம் கறுத்துத் தூளாகியிருக்க, நடுவில் ஒரு வண்டு ஊர்ந்துகொண்டிருந்தது.

"பழத்துல ஓட்டையே இல்லையே அப்பத்தா, இது எப்படி உள்ள போச்சு?"

கதை சொல்லும்போது இந்த இடத்தில் நான் நிறுத்திவிடுவேன். பேத்தி எதையாவது யூகித்துச் சொல்லட்டும் என்று காத்திருப்பேன். விஷயம் இதுதான்: காய் சிறு பிஞ்சாக இருக்கும்போதே தாய் வண்டு அதன் தோலில் முட்டை வைத்துவிடும். பொரித்த புழு சதையைத் துளைத்துக்கொண்டு, ஓடு இன்னும் கெட்டிப்படாத கொட்டைக்குள் போய்விடும். காய் பெருக்கப் பெருக்க அது போன வழி தூர்ந்துவிடும். கொட்டையை உடைத்தால்தான் தெரியும். ஓட்டை நீக்கிவிட்டு நடுவதில் உள்ள முதல் லாபம் அதுதான். சீக்கிரம் முளைப்பது இரண்டாவது.

மூன்றாவது கொட்டையில் வெளுத்த, கனமான பருப்பு இருந்தது. அடியில் துளையிட்ட பழைய வாளியில் செம்மண்ணும் மணலும் மக்கிய சாணமும் கலந்து நிரப்பினார்கள். ஆணிவேர் ஆழமாக இறங்கும் என்பதால் தட்டையான தொட்டி ஆகாது. பருப்பின் வளைந்த முதுகு மேலே பார்க்க வைத்து, இரண்டு விரல் மண் போட்டு மூடினார்கள்.

ஒரு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. பத்தாம் நாள் மீனு விரலால் மண்ணைக் கிளறப் போக, அப்பத்தா கையைப் பிடித்துக்கொண்டாள். "அது முதல்ல கீழதான் போகும்டா. வேர் விட்டுட்டுத்தான் மேல வரும்."

மூன்றாம் வாரம் மண் வெடித்து ஒரு தண்டு வந்தது. அதன் உச்சியில் கொத்தாக நாலைந்து இலைகள், செம்புக் காசு நிறத்தில், துவண்டு தொங்கின. மீனுவுக்கு அழுகை வந்துவிட்டது. தண்ணீர் போதவில்லையோ என்று சொம்பு சொம்பாக ஊற்றப் போனாள். அப்படி ஊற்றியிருந்தால்தான் வேர் அழுகியிருக்கும். மாந்தளிர் பிறக்கும்போதே அந்த நிறம்தான், அந்தத் துவளல்தான். சில வாரங்களில் இலை விறைத்துப் பச்சையாகும்.

"இதுல பங்கனப்பள்ளி காய்க்குமா அப்பத்தா?"

"தாய் பங்கனப்பள்ளி. ஈ எந்த மரத்துப் பூந்தூளைக் கொண்டுவந்து போட்டுச்சோ, அது யாருக்குத் தெரியும்? புளிக்கவும் புளிக்கும், தேனாவும் இருக்கும்."

தாய் மரத்தின் ருசி அப்படியே வேண்டும் என்பவர்கள் இதனால்தான் ஒட்டுக்கன்று வாங்குகிறார்கள். கொட்டைக் கன்று காய்க்க ஐந்தாறு வருடத்துக்குக் குறையாது, அதற்கு மேலும் ஆகலாம். இதைக் கதையில் மறைக்க எனக்கு மனமில்லை. "அப்போ எனக்கு எத்தனை வயசு?" என்று மீனு விரல் விட்டு எண்ணுவாள். கேட்கும் என் பேத்தியும் கூடவே எண்ணுவாள்.

விடுமுறை முடிந்து மீனு ஊருக்குப் போய், தீபாவளிக்குத் திரும்பி வருகிறாள். கன்றை வாளியிலிருந்து கொல்லையில் மாற்றி நட்டிருக்கிறார்கள். பழைய இலைகள் கரும்பச்சை. அவற்றுக்கு மேலே புதிதாக ஒரு கொத்து, மறுபடியும் செம்பு நிறத்தில் துவண்டு தொங்குகிறது. பக்கத்து வீட்டுச் சிறுவன் எட்டிப் பார்த்து, "உங்க செடி வாடுது" என்கிறான்.

"வாடல. இப்பதான் பிறந்திருக்கு" என்கிறாள் மீனு.